ஒரே கோட்டா, நான்கு வேலைகள்: முறையா, நிரவலா?

அருள், புதுச்சேரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கூரியர் அலுவலகக் கையேட்டைத் தமிழில் எழுதிவருகிறேன். ஓரிடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

முகவரியைக் கொடுத்தால் அது வரைபடத்தில் எங்கே என்று சொல்லும் வெளிச் சேவை ஒன்றை ஏபிஐ வழியாகப் பயன்படுத்துகிறோம். நாளுக்கு 1000 அழைப்புகள்தான் கோட்டா. நேரம் வைத்து ஓடும் நான்கு வேலைகள் அதைக் கூப்பிடுகின்றன. காலை 6 மணிக்கு வண்டிகளுக்கு வழி போட 250 அழைப்புகள் வேண்டும். மாலை 6 மணிக்கு, திரும்பி வந்த பார்சல்களுக்கு 400. இரவு 10 மணிக்குப் புது வாடிக்கையாளர் முகவரிகளுக்கு 100. மதியம் 1 மணிக்குப் பழைய முகவரிகளைத் திருத்தும் வேலை, அதற்கு 900. கொடுத்தால் இன்னும் தின்னும். போன வாரம் இரண்டு நாள் காலையில் லாஸ்பேட்டை, வில்லியனூர் வண்டிகள் வழி கிடைக்காமல் நின்றன.

இந்த 1000-ஐ நான்குக்கும் நியாயமாகப் பிரித்துக் கொடுப்பதை எந்தச் சொல்லால் எழுதுவது? 'ஒதுக்கீடு' என்றால் படிப்பவர் மனம் கல்லூரிச் சேர்க்கைக்குப் போய்விடுகிறது. 'பங்கீடு' என்றால் ரேஷன் கடை.

குமரன், நெய்வேலி

அருள், சொல்லை அப்புறம் தேடலாம். நான்கு வேலைகளையும் வேறு வேறு நிமிடத்தில் ஓட்டு. கிரானில் எல்லாரும் பூஜ்ஜிய நிமிடம் போடுவதால் வரும் தொல்லை இது. எங்களுக்கும் வந்தது, ஏழு நிமிடம் தள்ளி வைத்தேன், போய்விட்டது.

செல்வி, கடலூர் மஞ்சக்குப்பம்

எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நினைவூட்டுக் குறுஞ்செய்தி அனுப்புகிறோம். வேலைக்கு ஒரு சாவி வாங்கிவிட்டோம், சண்டையே இல்லை. நீங்களும் நான்கு சாவி வாங்கலாமே?

மீனாட்சி, சிதம்பரம்

செல்வி, உங்கள் சேவை சாவிவாரியாக எண்ணுகிறது போலிருக்கிறது. பல சேவைகள் கணக்குவாரியாக எண்ணும். நான்கு சாவி வைத்தாலும் தொட்டி ஒன்றுதான். அதற்காக நான்கு கணக்கு தொடங்கினால் ஒப்பந்தத்தை மீறியதாகும், மொத்தமாக முடக்கிவிடுவார்கள்.

குமரன் சொல்வது நிமிட வரம்புக்குப் பொருந்தும். ஒரே நிமிடத்தில் எல்லாம் மோதினால் தள்ளி வைப்பதே மருந்து. இது நாள் வரம்பு. ஏழு நிமிடம் தள்ளினாலும் முதலில் ஓடுகிறவன் தின்றது தின்றதுதான்.

அருள், உங்கள் சேவையின் நாள் எப்போது தொடங்குகிறது? அதைப் பார்த்துவிட்டு, மறுக்கப்பட்ட அழைப்புகள் எந்த மணியில் தொடங்குகின்றன என்று லாகில் பாருங்கள். 429 அல்லது 403 என்று இருக்கும்.

அருள்

அமெரிக்க மேற்குக் கரை நள்ளிரவில் எண்ணிக்கை பூஜ்ஜியமாகிறது. இப்போது நமக்கு மதியம் 12:30. நவம்பரிலிருந்து மார்ச் வரை 1:30 ஆகுமாம். 429 மாலை ஆறேகாலுக்கே தொடங்கியிருக்கிறது. திரும்பி வந்த பார்சல்களில் 300-க்கு இடம் விழவில்லை, யாரும் கவனிக்கவில்லை.

மீனாட்சி

அப்படியென்றால் கதை தெரிந்துவிட்டது. உங்களுக்கு நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. சேவைக்கு மதியம் 12:30-க்கு. அதன் கணக்கில் முதலில் வருவது முகவரித் திருத்தம். அது 900-ஐ எடுத்துக்கொள்ள, மாலை வேலைக்கு மிச்சம் 100, இரவுக்கும் காலைக்கும் ஒன்றுமில்லை. நம் கடிகாரத்தில் முதல் மடையாகத் தெரியும் காலை வேலை, உண்மையில் கடைமடை.

நியாயமாகப் பிரிக்க ஒரு வழி உண்டு. முதலில் ஆளுக்கு 250. புது முகவரிக்கு 100 போதும், 150 மிச்சம். காலை வேலைக்கு 250 சரியாக நிறைந்தது. மிச்சம் 150-ஐ இன்னும் பசியோடிருக்கும் இரண்டுக்கும் 75, 75. ஆக 100, 250, 325, 325. குறைவாகக் கேட்டவர் கேட்டது முழுதும் பெறுவார். அதிகம் கேட்டவர்கள் ஒரே மட்டத்தில் நிற்பார்கள்.

இதை மறுபடி முயலும் அழைப்புகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினாலும் கணக்குத் தவறாமலிருக்க, 'படித்துப் பார்த்துப் பிறகு கூட்டு' என்று எழுதாதீர்கள். ஒரே கட்டளையில் முடியட்டும்:

```sql
UPDATE share SET used = used + 1
WHERE job = 'returns' AND used < cap;
```

ஒரு வரிசையும் மாறவில்லை என்றால் கூப்பிடாமல் நின்றுவிட வேண்டும்.

கனகசபை, காட்டுமன்னார்கோவில்

பிள்ளைகளே, இதற்குச் சொல் தேடுவானேன், 'முறை' இருக்கிறதே. வீராணத்து வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தானே விடுவார்கள்? 'முறைப்பங்கு' என்று எழுதுங்கள்.

மீனாட்சி

ஐயா, அழகான சொல்தான். ஆனால் முறையில், தன் நேரத்தில் பாய்ச்சாதவன் பங்கு வடிகாலுக்குப் போகும். நான்கு வேலைக்கும் 250 என்று பூட்டி வைத்து, புது முகவரியின் 150 வீணாவதை வேண்டுமானால் முறைப்பங்கு எனலாம். மிச்சத்தை எடுத்துப் பற்றாதவருக்குக் கொடுப்பதற்கு வேறு சொல் வேண்டும். பள்ளிக்கல்வித் துறையில் 'பணி நிரவல்' என்கிறார்களே, உபரி ஆசிரியரைப் பற்றாக்குறைப் பள்ளிக்கு அனுப்புவது? அதே வேலைதான் இது. 'பங்கு நிரவல்' என்பது என் பரிந்துரை.

செல்வி

என் அக்கா ஆசிரியை. 'நிரவல்' என்று வீட்டில் சொன்னாலே அவர் முகம் மாறிவிடும்!

குமரன்

நான் சொன்னதை முழுதும் தள்ளாதீர்கள். நிமிடத்தைத் தள்ளியது தப்பு, சரி. மணியைத் தள்ளினால்? திருத்தும் வேலை அவசரமில்லாதது, அதைச் சேவையின் நாளில் கடைசியில் வை.

```
0 18 * * *  returns
0 22 * * *  newaddr
0 6  * * *  route
0 11 * * *  timeout 1h cleanup
```

மூன்றும் முடிந்து 250 மிஞ்சும், அது தின்னட்டும். 12 மணிக்கு `timeout` நிறுத்திவிடும், 12:30 தாண்டி மறுநாள் கோட்டாவில் கை வைக்காது. எண்ணும் அட்டவணையே வேண்டாம்.

மீனாட்சி

இது நல்ல யோசனை, குமரன். இன்றே செய்யலாம். ஆனால் தீபாவளி முடிந்து திரும்பும் பார்சல்கள் 800 ஆனால்? இரவு வேலையோடு 900. காலைக்கு 100, மறுபடி வண்டி நிற்கும். நேரம் மாற்றுவதால் பேராசைக்காரன் கடைசிக்குப் போகிறான். நடுவிலிருப்பவன் திடீரென்று வீங்கினால் அது தடுக்காது. அட்டவணையும் இருக்கட்டும்.

அருள்

இரண்டையும் போட்டுவிட்டேன். மாலை வேலைக்கு உச்சம் 650 என்று வைத்தேன், அப்போதுதான் காலைக்கு 250 எப்போதும் இருக்கும். கையேட்டில் இப்போதைக்கு 'பங்கு நிரவல்' எழுதினேன்; பூட்டி வைப்பதற்கு 'முறைப்பங்கு'; பட்டினி கிடக்கும் வேலைக்குக் 'கடைமடை வேலை'. கடைசிச் சொல்லுக்கு அலுவலகத்தில் யாரும் விளக்கமே கேட்கவில்லை.

கனகசபை

கடைமடை சரி. நிரவலில்தான் எனக்கு இன்னும் இடிக்கிறது. நிரவுவது என்றால் மேடு பள்ளமில்லாமல் மட்டமாக்குவது. நீங்களோ மாலைக்கு 650, காலைக்கு 250, திருத்தத்துக்கு விழுந்தது விழட்டும் என்கிறீர்கள். அது மட்டமா? ஏரியில் சென்னைக்குக் குடிநீர் எடுத்துக்கொண்டு மிஞ்சியதை வயலுக்கு விட்டால் எங்கள் ஊரில் அதை நிரவல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மீனாட்சி

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. அருள் இப்போது செய்திருப்பது முன்னுரிமை, நிரவல் இல்லை. 325, 325 என்று பிரித்ததுதான் நிரவல். திருத்தும் வேலைக்கு எப்படியும் 50 உண்டு என்று ஓர் அடி கட்டினால் இரண்டுக்கும் நடுவில் வரும். அதற்கு என்ன பெயர் வைப்பது, அருள் அந்த 50-ஐ மாலையிலிருந்து எடுப்பாரா என்பதெல்லாம் அவர் பதிலைப் பார்த்துத்தான்.