சொந்த மாட்டு உழவு எந்தக் கணக்கில்?

முனிர்கா_தம்பி: "கைச்செலவு என்றால் கையை விட்டுப் போன காசு மட்டும்தான். சாகுபடிச் செலவுக் கணக்கில் கைச்செலவைக் காட்டும் ஏ1-இல் சொந்த மாட்டு உழவு வராது, குடும்ப உழைப்போடுதான் போட வேண்டும்." நாளைக்குத் தேர்வில் இதைத்தான் எழுதப்போகிறேன்.

பழைய_களப்பணி: எழுதுங்கள், பூஜ்யம் வரும். விழுப்புரம் பக்கம் சாகுபடிச் செலவு எடுக்க நோட்டோடு அலைந்தவன் சொல்கிறேன். பொருளாகப் போனதும் ஏ1-தான். வீட்டு விதை, தொழு உரம், சொந்த மாடு எல்லாம் அதில் உண்டு. மாட்டின் பின்னால் நடக்கிற அப்பா மட்டும்தான் குடும்ப உழைப்பு.

முனிர்கா_தம்பி: மாட்டுக்குக் கூலி, அப்பாவுக்கு இல்லையா? நல்ல நியாயம்!

பழைய_களப்பணி: இருக்கிறது, அடுத்த படியில். கணக்குக்கு ஒரு ஏக்கர் நிலக்கடலை வைத்துக்கொள்வோம். ஆள் கூலி, ஜிப்சம், டிராக்டர் வாடகை 14,000 ரூபாய். வீட்டு விதையும் எருவும் 7,000. தேய்மானம், வட்டி 1,200. மாடு 2 நாள் உழுதது, நாளுக்கு 900. ஏ1 24,000. ஏ1-உடன் கொடுத்த குத்தகையைக் கூட்டினால் ஏ2; இங்கே குத்தகை இல்லாததால் ஏ2-வும் அதுவே. அப்பா 10 நாள், 600 வீதம்; அம்மா 15 நாள், 350 வீதம். அது 11,250. சேர்த்தால் 35,250.

முனிர்கா_தம்பி: மாட்டை நான் சொன்ன இடத்தில் வைத்தாலும் 35,250-தானே? அப்புறம் எதற்கு இந்தக் கூச்சல்?

பழைய_களப்பணி: மொத்தம் மாறாது, ஏ2 22,200 ஆகிவிடும். பண்ணைத் தொழில் வருமானம் பார்க்க விளைச்சல் மதிப்பிலிருந்து ஏ2-வைத்தான் கழிப்போம். அதில் 1,800 ரூபாய் பொய் லாபம். போன மாதம் தேய்மானத்திலும் இப்படித்தான் அடம்பிடித்தீர்கள்.

துவாரகா_நளினி: அது கிடக்கட்டும். அம்மாவுக்கு ஏன் 350? களை எடுத்து, காய் பறித்து, எங்கள் அம்மாவுக்கு இடுப்பே போச்சு. நான் டெல்லியில் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கே இதைவிட அதிகம் கொடுக்கிறேன்.

பழைய_களப்பணி: ஊரில் அந்த வேலைக்குப் பெண்ணாளுக்கு என்ன கூலியோ அதைத்தான் போட முடியும். துவாரகா கூலியை விழுப்புரத்தில் போட முடியாது. எட்டு மணி நேரம்தான் ஒரு நாள். காலையில் ரெண்டு மணி நேரம் களை எடுத்தால் கால் நாள்.

துவாரகா_நளினி: அப்போ குறைச்சலான கூலியைக் கணக்கும் அப்படியே வாங்கிக்கொள்கிறது. சபாஷ்.

கரோல்பாக்_மணி: சிங்கு எல்லையில் விவசாயிகள் போராடிக் கேட்ட ஆதரவு விலை, சொந்த நிலத்தின் வாடகையும் சேர்ந்த சி2-க்கு மேல் ஐம்பது சதவீதம். அரசு கொடுப்பது ஏ2-வோடு குடும்ப உழைப்பைச் சேர்த்து ஒன்றரை மடங்கு. அதில் சொந்த நிலத்துக்கு வாடகையே இல்லை. அதை விட்டுவிட்டு மாட்டைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

முனிர்கா_தம்பி: மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற பாட்டியின் நேரம் எதில் வரும்? அதைச் சொல்லுங்கள் ஐயா.

பழைய_களப்பணி: மாட்டுப் பராமரிப்புச் செலவில். தீவனம், தேய்மானம், பராமரிப்பு ஆள் கூலி எல்லாம் கூட்டி, உழைத்த மணி நேரத்தால் வகுத்துத்தான் அந்த 900 வந்தது. குடும்ப உழைப்பில் திரும்பவும் போட்டால் இரட்டைக் கணக்கு.

முனிர்கா_தம்பி: ஆக, பாட்டி ஏ1-க்குள் போகலாம், அப்பா போகக்கூடாது! நான் சொன்ன குழப்பமே இதுதான். என் விடையை மாற்ற மாட்டேன்.

பழைய_களப்பணி: மாற்றாதீர்கள். ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுங்கள்.