செயற்குழுவில் பதினைந்து நிமிடம் கேட்ட அனுபவம்

மாடிவீட்டுக்காரர்:
எங்கள் அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் பொருத்துவது குறித்துச் சென்ற ஆண்டு செயற்குழுவுக்கு எழுதியபோது, 'பேச வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்' என்பதோடு முடித்துவிட்டேன். எவ்வளவு நேரம், என்ன முடிவு என்று எதுவும் சொல்லாததால், 'தலைவர் அனுமதியுடன் பிற' என்ற கடைசிப் பொருளில் சேர்த்தார்கள். லிஃப்ட் ஒப்பந்தச் சண்டை ஓய்ந்து என்னை அழைத்தபோது இரவு ஒன்பதரை. ஏழு பேரில் மூவர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கூட்டக் குறிப்பில் 'கருத்து பதிவு செய்யப்பட்டது' என்ற ஒரே வரிதான் இருந்தது.

இரண்டாம் முறை, செயலாளர் நிகழ்ச்சி நிரலைச் சுற்றுக்கு விடுவதற்கு முன்பே, கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கையில் இவ்வாறு எழுதினேன்: 'விளக்கத்துக்கு 6 நிமிடமும் கேள்விகளுக்கு 9 நிமிடமும் தேவை. வேண்டும் முடிவு: ஏ பிளாக்கின் 12 வீடுகளில், வீட்டுக்கு மூன்று குழாய் வழிகள் வீதம், 36 மீட்டர்களை மூன்று மாதச் சோதனைக்குப் பொருத்த ரூ.72,000 வரை செலவிட ஒப்புதல்.' இரண்டு விலைப்புள்ளிகளையும் இணைத்திருந்தேன். நிரலில் மூன்றாம் பொருளாக வந்தது.

கீழ்த்தளவாசி:
பதினைந்து நிமிடம் வேண்டுமென்றால் முப்பது என்று எழுதுங்கள். எப்படியும் பாதியாகக் குறைப்பார்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

பழைய செயலாளர்:
ஒன்பது ஆண்டு நிரல் தயாரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு மணி நேரக் கூட்டத்தில் அரைமணி கேட்பவரின் பொருளை நாங்கள் குறைப்பதில்லை, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறோம். உங்களுக்குக் கிடைத்தது அன்று பொருள்கள் குறைவாக இருந்ததால் இருக்கலாம். கேட்கும் முடிவு, அப்படியே தீர்மானமாக எழுதக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும். 'ஆதரவு தர வேண்டுகிறேன்' என்பதை எந்தக் குறிப்பேட்டில் எழுதுவது? ஆனால் ரூ.72,000-ஐச் செலவிடச் செயற்குழுவுக்கு அதிகாரம் உண்டா என்று துணைவிதியைப் பார்த்தீர்களா? வரம்பைத் தாண்டினால் ஒப்புதல் கேட்கக் கூடாது, பொதுக்குழுவுக்குப் பரிந்துரைக்குமாறு கேட்க வேண்டும்.

இரண்டாம் தளம்:
எங்களிடமும் மீட்டர் பிரச்சினைதான். போர்வெல் தண்ணீரில் உப்பு படிந்து ஆறே மாதத்தில் முள் நின்றுவிட்டது. எந்த வகை வாங்குகிறீர்கள்?

மாடிவீட்டுக்காரர்:
வகையைப் பிறகு தனியாக எழுதுகிறேன். பழைய செயலாளர் ஐயா கேட்ட இடத்தில்தான் நானும் மாட்டிக்கொண்டேன். எங்கள் துணைவிதிப்படி செயற்குழுவின் வரம்பு ரூ.50,000 என்று பொருளாளர் கூட்டத்திலேயே எடுத்துக் காட்டினார். நல்லவேளையாக, மறுப்பதற்குப் பதில் எட்டு வீடுகள், 24 மீட்டர், ரூ.48,000 என்று தொகையைத் திருத்தி நிறைவேற்றினார்கள். ஆனால் அந்த எட்டு வீடுகள் எவை என்று என் கடிதத்திலும் இல்லை, தீர்மானத்திலும் இல்லை. விடுபட்ட நான்கு வீட்டாரில் ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

பழைய செயலாளர்:
அடுத்த கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் கேளுங்கள். வீட்டு எண்களை எழுதியே அனுப்புங்கள்.