பாய்சான் விகிதம் 0.645 வருகிறது, பருமக் குணகம் கழித்தல் குறியில் நிற்கிறது: எங்கே தவறினேன்?

காட்பாடி மாணவன்

வணக்கம். காட்பாடிப் பக்கம் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் மென்னெஃகுக் கம்பி ஒன்றை இழுவை இயந்திரத்தில் பூட்டி 50 கிலோநியூட்டன் வரை இழுத்தோம். விட்டம் 20 மி.மீ., அளவு நீளம் 200 மி.மீ. எக்ஸ்டென்சோமீட்டர் 0.155 மி.மீ. நீட்சி காட்டியது. சுமை ஏறிய நிலையில் மைக்ரோமீட்டர் வைத்து விட்டத்தைப் பார்த்தேன். 20.00 இருந்த இடத்தில் 19.99 வந்தது. மீதிக் கணக்கு இது:

```
σ  = 50000 / 314.16 = 159.2 N/mm²
ε  = 0.155 / 200    = 0.000775
E  = σ / ε          ≈ 205000 N/mm²
ε' = 0.01 / 20      = 0.0005
ν  = 0.0005 / 0.000775 = 0.645
K  = E / 3(1 − 2ν)  ≈ −235600 N/mm²
```

E சரியாகத்தான் இருக்கிறது. K மட்டும் தலைகீழாக நிற்கிறது. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை பதிவேடு கொடுக்க வேண்டும். சூத்திரத்தைத் தவறாக எடுத்துக்கொண்டேனா?

வேலூர் மேஸ்திரி

இப்போது வருகிற கம்பி எல்லாமே இப்படித்தான் தம்பி. 12 மி.மீ. என்று சொல்லி விற்பார்கள், அளந்தால் குறையும். ஒரு மீட்டர் வெட்டித் தராசில் வையுங்கள். 0.89 கிலோ நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காட்பாடி மாணவன்

அண்ணா, கம்பி வாங்கும்போதே மெலிந்திருந்ததா என்பது என் கேள்வி இல்லை. இழுக்கும்போது எவ்வளவு மெலிகிறது என்பதுதான்.

குடியாத்தம் பட்டதாரி

விடை எளிது. இழுத்தால் பொருளின் கன அளவு மாறாது. நீளம் கூடுகிற அளவுக்குக் குறுக்களவு குறையும். அப்படிக் கணக்குப் போட்டால் ν சரியாக 0.5 வரும். 0.645-ஐ 0.5 என்று திருத்தி எழுதிவிடுங்கள்.

வாலாஜா ஓய்வாளர்

முப்பது வருடம் பொருட்சோதனைக் கூடத்தில் நின்றவன் என்பதால் குறுக்கே வருகிறேன்.

முதலில் குடியாத்தம் நண்பருக்கு. கன அளவு மாறாது என்பது கம்பி இளகிய பிறகு, நிரந்தரமாக நீளத் தொடங்கிய பிறகு, ஏறக்குறைய உண்மை. அங்கே விகிதம் 0.5-ஐ நெருங்கும். இந்த மாணவர் இருப்பது 159-இல். மென்னெஃகு சுமார் 250-இல்தான் இளகும். மீள்நிலையில் இழுத்தால் கன அளவு கூடும். இந்தக் கம்பியின் 200 மி.மீ. துண்டில் சுமார் 20 கன மி.மீ. கூடியிருக்கும். ஓரிரண்டு அரிசிமணி அளவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. தவிர, 0.5 என்று திருத்தினால் K-யின் கீழே பூஜ்யம் வந்து உட்காரும். அப்புறம் அந்த எஃகை உலகத்தில் எவராலும் அமுக்க முடியாது!

இனி மாணவருக்கு. தம்பி, சூத்திரமும் சரி, கணக்கும் சரி. மைக்ரோமீட்டரிடம் அதனால் சொல்ல முடியாத ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள். எஃகுக்கு ν ஏறக்குறைய 0.29. அதை வைத்துப் பின்னோக்கிப் போங்கள்: 0.29 × 0.000775 × 20 = 0.0045 மி.மீ. உங்கள் கம்பி உண்மையில் மெலிந்தது அவ்வளவுதான். மைக்ரோமீட்டரின் ஒரு கோடு 0.01 மி.மீ. கோடு மாறவில்லை என்றால் ν பூஜ்யம், ஒரு கோடு மாறினால் 0.645. அந்தக் கருவிக்குத் தெரிந்த விடை இந்த இரண்டு மட்டுமே. நடுவில் இருக்கிற உண்மை அதன் கண்ணில் படாது. சுமையை இளகும் எல்லை வரை ஏற்றினாலும் சுருக்கம் 0.007-ஐத் தாண்டாது.

இன்னொன்றும் இருக்கிறது. வேலூர்க் கத்திரி வெயிலில் காலையில் பூஜ்ய அளவு எடுத்துவிட்டு மதியம் சுமை ஏற்றினீர்களா? கம்பி பத்து டிகிரி சூடேறினாலே விட்டம் 0.0024 மி.மீ. பெருக்கும். நீங்கள் தேடுகிற சுருக்கத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். எங்கள் கூடத்தில் சோதனைக் கம்பியை வெறுங்கையால் நெடுநேரம் பிடித்துக்கொண்டு நிற்பவரை நான் வெளியே அனுப்பிவிடுவேன்.

காட்பாடி மாணவன்

ஐயா, பூஜ்ய அளவு எடுத்தது ஒன்பதரை மணிக்கு, சுமை ஏற்றியது உணவு இடைவேளைக்குப் பிறகு. இப்போது புரிகிறது.

இரண்டு சந்தேகம். 0.5-ஐத் தாண்டக் கூடாது என்பதைச் சூத்திரம் சொல்கிறது, ஆனால் மனத்தில் படியவில்லை. இரண்டாவது, அதே கம்பியிலிருந்து வெட்டிய துண்டில் அடுத்த அணியினர் முறுக்குச் சோதனை செய்தார்கள். அவர்களுக்கு G = 79500 வந்தது. விட்டத்தையே தொடாமல் அதிலிருந்து ν எடுக்கலாமா?

வாலாஜா ஓய்வாளர்

முதல் சந்தேகத்துக்கு ஒரு கனசதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு முகத்திலும் ஒரே அளவு அழுத்தம் σ. இடவலமாக அழுத்துவதால் அந்தத் திசையில் σ/E சுருங்கும். மேல்கீழாக அழுத்துவதால் அதே திசையில் νσ/E பிதுங்கும். முன்பின்னாக அழுத்துவதால் இன்னொரு νσ/E பிதுங்கும். ஆக ஒரு திசையில் நிகரச் சுருக்கம் (σ/E)(1 − 2ν). திசை மூன்று என்பதால் கன அளவுக் குறைவு அதன் மும்மடங்கு. உங்கள் K சூத்திரத்தின் 3-உம் 2-உம் வந்த வழி இதுதான். ν 0.5-ஐத் தாண்டினால், இரண்டு பக்கத்துப் பிதுக்கமும் சேர்ந்து நேர்ச்சுருக்கத்தை மிஞ்சிவிடும். அதாவது எல்லாப் பக்கமும் அமுக்க அமுக்கப் பொருள் பெருக்கும். அப்படி ஒரு பொருளை மேசைமேல் வைத்தால் அது தானாகவே நிலைகுலைந்துபோகும்.

சறுக்கத்துக்கும் இதே கதைதான். சறுக்கத் தகைவை 45 பாகை திரும்பிப் பார்த்தால் ஒரு மூலைவிட்டத்தில் இழுவை, மற்றதில் அமுக்கம். இழுவையோடு அமுக்கத்தின் பிதுக்கமும் சேர்வதால் அங்கே 1 + ν வருகிறது. இரண்டாவது சந்தேகத்துக்கு அதுவே விடை:

```
E = 2G(1 + ν)
ν = 205000 / (2 × 79500) − 1 = 0.289
K = 205000 / 3(1 − 0.579)  ≈ 162000 N/mm²
சரிபார்ப்பு: 9KG / (3K + G) ≈ 205000
```

எஃகுக்கு இது முறையான எண். பதிவேட்டில் இதை எழுதலாம். கடைசி வரியைச் சரிபார்ப்பு என்று எழுதினாலும் அது உங்கள் கூட்டல் கழித்தலைத்தான் சரிபார்க்கும், கம்பியை அல்ல. K இந்த E, G இரண்டிலிருந்தே வந்தது, எனவே அது பொருந்தாமல் இருக்க வழியே இல்லை.

ராணிப்பேட்டை பட்டறை

ஐயா சொல்வது சரி, ஆனால் இந்த வழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் விழுந்து எழுந்தவன். E இரண்டு சதவீதம் கூடுதலாகவும் G இரண்டு சதவீதம் குறைவாகவும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி இயந்திரத்தில் இது பெரிய பிழையே இல்லை. இப்போது ν 0.342 ஆகிவிடும், K இரண்டு லட்சத்து இருபதாயிரத்தைத் தொடும். இரண்டு சதவீதப் பிழை K-யில் முப்பத்தாறு சதவீதமாக வட்டி போடுகிறது. 1.29-இலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை நம்புகிறோம், பிறகு அதை இரட்டித்து மறுபடி ஒன்றிலிருந்து கழிக்கிறோம். இவர்களுக்கு 0.289 வந்ததில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருக்கிறது.

முறுக்குச் சோதனையில் விட்டத்தின் நான்காம் அடுக்கு வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். விட்டத்தை அரை சதவீதம் தவறாக அளந்தால் G இரண்டு சதவீதம் ஆடிவிடும்.

நேரடியாக அளப்பதுதான் நல்லது. நெடுக்காக ஒரு ஸ்ட்ரெய்ன் கேஜ், குறுக்காக ஒன்று, எதிர்ப்பக்கத்திலும் அதேபோல ஒரு சோடி ஒட்டுங்கள். ஒரே சுமையில் நின்றுவிடாமல் பத்துப் பத்து கிலோநியூட்டனாக ஏற்றி, குறுக்குத் திரிபை நெடுக்குத் திரிபுக்கு எதிராக வரைபடத்தில் குறியுங்கள். அந்தக் கோட்டின் சாய்வுதான் ν. தொடக்கப் பூஜ்யம் நகர்ந்திருந்தாலும் சாய்வு நகராது.

ஆம்பூர் தோல்

நான் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்கிறேன். 50 மி.மீ. அகலத் தோல் பட்டையை இழுத்தேன். 100 மி.மீ. நீளம் 110 ஆனது, அகலம் 44 ஆனது. அப்படியானால் விகிதம் 1.2. இங்கே 0.5-ஐத் தாண்டவே முடியாது என்கிறீர்கள். என் பட்டை ஏன் நிலைகுலையவில்லை?

குடியாத்தம் பட்டதாரி

அளவுகோலைத் தவறாகப் படித்திருப்பீர்கள்.

வாலாஜா ஓய்வாளர்

இல்லை, அவர் அளவு சரியாகவே இருக்கலாம். 0.5 என்ற வரம்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் பொருளுக்குத்தான். தோல் ஒரு நார்வலை. இழுத்தால் நார்கள் இழுத்த பக்கம் திரும்பிப் படுக்கும், அகலம் சட்டென்று குறையும், தடிமன் அதே கணக்கில் குறையாது. முதுகெலும்பு வாக்கில் வெட்டிய பட்டையும் குறுக்கே வெட்டிய பட்டையும் ஒரே எண் தராது. அதோடு பத்து சதவீத நீட்சி என்பது எங்கள் எஃகுக்கு நூறு மடங்குக்கு மேல். அங்கே E = 2G(1 + ν) என்று எழுதக் கூடாது.

ஆம்பூர் தோல்

அப்படியானால் காலணியின் மேல்தோல் எவ்வளவு சறுக்கும் என்று எதை வைத்துக் கணிப்பது?

வாலாஜா ஓய்வாளர்

கணிக்க வேண்டாம், சறுக்கத்தைத் தனியாகவே சோதித்து அளக்க வேண்டும். எந்தப் பிடிப்பில் என்பதைத் தோல் சோதனை தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். அது என் துறை அல்ல.

காட்பாடி மாணவன்

பட்டறை அண்ணா சொன்னபடியே வெள்ளிக்கிழமை கேஜ் ஒட்டிப் பார்த்தோம். காலை ஏழரைக்கே போய்விட்டோம். இடப்பக்கச் சோடியின் சாய்வு 0.288. வலப்பக்கச் சோடி 0.262. ஒரே கம்பி, ஒரே சுமை. கம்பி வளைந்து இழுபடுகிறதா?

ராணிப்பேட்டை பட்டறை

வளைந்தால் ஒரு பக்கத்தில் இரண்டு கேஜும் சேர்ந்தே கூடும் அல்லது சேர்ந்தே குறையும். விகிதம் பெரிதாக மாறாது. வலப்பக்கக் குறுக்குக் கேஜ் சாய்ந்து ஒட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். சாய்ந்தால் நெடுக்கு இழுவையில் கொஞ்சம் அதிலும் ஏறி, சுருக்கத்தைத் தின்றுவிடும். 0.289 இருக்க வேண்டியது 0.262 ஆவதற்கு எட்டு பாகைச் சாய்வு போதும். கண்ணுக்கே தெரிய வேண்டும். பாகைமானி வைத்துப் பாருங்கள்.

காட்பாடி மாணவன்

கூடம் பூட்டியிருக்கிறது அண்ணா. படம் எடுத்திருந்தேன், அதில் கொஞ்சம் சாய்வாகத்தான் தெரிகிறது, ஆனால் படமே சாய்வாக எடுத்திருக்கிறேன். திங்கள் காலை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.