விழுதும் அச்சும் ஒன்றாக உள்ள பலகைக்கு என்ன பெயர்?

நிலானி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே ரொறன்ரோவில் எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலருக்கு மேசைத்தறியில் சால்வை நெய்யச் சொல்லிக் கொடுக்கிறேன். கம்பளி நூல், வெற்று நெசவு, அவ்வளவுதான். அவர்களுக்குத் தமிழில் ஒரு வழிகாட்டித் தாள் எழுதத் தொடங்கினேன், முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

தறியின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பலகை நிற்கிறது. அதில் நீளமான சந்து ஒன்று, சிறு துளை ஒன்று என்று மாறி மாறி வரும். ஆங்கிலத்தில் ரிஜிட் ஹெடில் என்கிறார்கள். 'விறைப்பு விழுது' என்று எழுதிப் பார்த்தேன். வாசித்த அம்மா ஒருவர் ஆலமரத்து விழுதா என்று கேட்டார். அடுத்தது, அந்தப் பலகைக்குள் நூலை நுழைக்கும் வேலை. அதை 'அச்சுக் கோத்தல்' என்று எழுதலாமா? இரண்டுக்கும் சொல் வேண்டும்.

---

இளங்கோ எழுதியது:

'விறைப்பு' வேண்டாம். விழுது என்றாலே தொங்கும் நூல் வளையம்தான். விறைப்பான விழுது என்றால் வழவழப்பான முள் என்பது போல ஆகிவிடும். ஆங்கிலத்தில் அந்த அடைமொழி வந்ததே, வழக்கமான நூல் விழுதிலிருந்து இதைப் பிரித்துக் காட்டத்தான். நமக்கு வேறு வழி இருக்கிறது. துளைக்குக் 'கண்', இடைவெளிக்குச் 'சந்து', பலகைக்குக் 'கண்ணச்சு' என்று வைத்துக்கொள்ளலாம்.

நூல் கணக்கையும் தாளில் போட்டுவிடுங்கள். 8-ஆம் எண் பலகை என்றால் அங்குலத்துக்கு 8 சந்து. 8 அங்குலச் சால்வைக்கு 64 சந்து எண்ணிக்கொண்டால் போதும்.

---

ஆறுமுகம் எழுதியது:

அச்சுக்கோப்பு பற்றிப் பேச்சு வந்ததில் மகிழ்ச்சி. நான் இளவயதில் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன். கையில் கோல், எதிரே எழுத்துப் பெட்டி, ஓரம் நேராக வரச் சொற்களுக்கு நடுவில் ஈயத் துண்டு சொருகுவோம். வழிகாட்டிக்கு என் அனுபவம் பயன்படுமென்றால் எழுதித் தருகிறேன்.

---

நிலானி எழுதியது:

ஆறுமுகம் ஐயா, இது நெசவு அச்சு. ஆனால் நீங்கள் எழுதியதே எனக்குப் பதில். 'அச்சுக் கோத்தல்' என்று போட்டால் பாதிப் பேர் அச்சகத்துக்குப் போய்விடுவார்கள். அதை விடுகிறேன்.

---

பழனிசாமி எழுதியது:

சென்னிமலையில் ஜமுக்காளமும் போர்வையும் நெய்த கை என்னுடையது. இந்த மேசைத்தறியை என் பேத்தி வாங்கி வந்த பிறகு அதிலும் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் கணக்கைத் திருத்த வேண்டும். இளங்கோ தம்பி சொன்னபடி 64 சந்து எண்ணினால் சால்வை 16 அங்குலம் வரும். இந்தப் பலகையில் 8 என்பது சந்தும் கண்ணும் சேர்ந்த எண்ணிக்கை. அங்குலத்துக்கு 4 சந்து, 4 கண், ஒவ்வொன்றிலும் ஒரே இழை. நம்ம ஊர் அச்சில் 60-ஆம் நம்பர் என்றால் இரண்டு அங்குலத்துக்கு 60 இடைவெளி. ஒரு இடைவெளியில் இரண்டு இழை போகும், அதனால் அங்குலத்துக்கு 60 இழை ஆகிறது. அந்தப் பழக்கத்தில் இதை எண்ணினால் தப்பும். 8 அங்குலச் சால்வைக்கு 64 இழை வேண்டும், அதற்கு 32 சந்து போதும். பலகையின் நடுவைக் குறித்துக்கொண்டு இரண்டு பக்கமும் 16, 16 என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். நம்ம தறியில் விழுது வேறு, அச்சு வேறு. விழுது இழையைத் தூக்கும், இறக்கும். அச்சு இழைகளை இடம் பிரித்து வைக்கும், ஊடையை அடித்துச் சேர்க்கும். இந்தப் பலகை இரண்டையும் ஒன்றாகச் செய்கிறது. பலகையைத் தூக்கினால் கண்ணில் இருக்கும் இழை மேலே வரும், சந்தில் இருப்பது நகராமல் நிற்கும், நடுவில் வாய் திறக்கும். இறக்கினால் கண் இழை கீழே போகும். அதனால் நான் 'விழுதச்சு' என்பேன். இளங்கோவின் 'கண்ணச்சு' சொல்ல எளிது. ஆனால் விழுதின் வேலை அந்தப் பெயரில் தெரியவில்லை.

நூல் நுழைக்கும் வேலைக்கு ஒரே சொல் தேடுவதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. அது இரண்டு வேலை. நடுவில் பாவு சுற்றும் வேலை வேறு இருக்கிறது.

---

நிலானி எழுதியது:

ஐயா, இரண்டு வேலை என்றால் எப்படி? நான் இரண்டையும் ஒரே பந்தியில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் குழம்புவதும் அங்கேதான்.

---

பழனிசாமி எழுதியது:

சொல்கிறேன். தறியை மேசையில் இறுக்கி, பின்பக்கத்துக் கம்பியிலிருந்து 90 அங்குலத்தில் ஒரு முளையை வேறு மேசையில் பிடித்து வைக்கிறோம். நூல் உருண்டை தறிக்குப் பின்னால் தரையில் இருக்கும். நூல் நுனியைப் பின்கம்பியில் கட்டிவிட்டு, கொக்கியை முதல் சந்தில் விட்டு நூலை வளையமாக இழுக்கிறோம். வளையத்தைக் கொண்டுபோய் முளையில் மாட்டுகிறோம். அடுத்த வளையம் அடுத்த சந்தில். நூல் ஒருமுறை கம்பிக்கு மேலாக வந்தால் அடுத்த முறை கீழாக வரும். அப்படி 32 வளையம் முடிந்தால் சந்துக்கு இரண்டு இழை இருக்கும், கண் எல்லாம் காலி. இதுதான் பாவோட்டம். இங்கே சந்தில் *இழுக்கிறோம்*, இன்னும் *கோக்கவில்லை*.

பிறகு முளையிலிருந்து எடுத்து, முனையை வெட்டி, ஒருவர் இழைகளைச் சேர்த்து இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் பின் உருளையில் சுற்றுகிறார். பலகைக்கு முன்னால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக நூல் மிஞ்சும்போது நிறுத்த வேண்டும்.

அதற்கு அப்புறம்தான் கோப்பு. ஒவ்வொரு சந்திலும் இருக்கும் இரண்டில் ஒன்றை எடுத்து, பக்கத்துக் கண்ணில் நுழைக்க வேண்டும். எல்லாம் வலப்பக்கத்துக் கண் என்றால் கடைசி வரை வலப்பக்கமே. இரண்டில் எது வலப்பக்கமாக நிற்கிறதோ அதையே எடுங்கள். மாற்றி எடுத்தால் பலகைக்குப் பின்னால் இரண்டும் பின்னிக்கொள்ளும், வாய் அந்த இடத்தில் சரியாகத் திறக்காது.

முடிந்ததும் பலகையைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து பார்வையைத் தறி மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பார்க்க வேண்டும். மேல் வரிசையும் கீழ் வரிசையும் சுத்தமாகப் பிரிந்தால் சரி. நடுவில் ஓர் இழை தொங்கினால் அது பின்னியிருக்கிறது. ஒரு சந்தில் இரண்டு இழை தங்கிவிட்டது வாயில் எளிதில் தெரியாது. நாலு ஊடை போட்ட பிறகு அந்த இடத்தில் இரண்டு இழை ஒட்டி நின்று நெடுக ஒரு கோடாக ஓடும், பக்கத்தில் காலிக் கண்ணின் இடைவெளி விழும். அப்போதே முன்முடிச்சை அவிழ்த்துத் திருத்துவது சுலபம். ஒரு சாண் நெய்த பிறகு அது பெரிய வேலை.

---

சுமதி எழுதியது:

எனக்கு வேறு சிக்கல். நான் சென்னையில் இதே மாதிரித் தறியில்தான் நெய்கிறேன். கோப்பெல்லாம் சரி. ஆனால் துணியின் இடது ஓரம் ஒழுங்காக வருகிறது, வலது ஓரம் அலை அலையாக வருகிறது, அந்த ஓரத்து இழைகள் மட்டும் தொளதொளவென்று இருக்கின்றன. பலகையை மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான்.

---

இளங்கோ எழுதியது:

சுமதி, ஓரத்துக் கொத்தை மட்டும் மற்றவற்றைவிட இறுக்கிக் கட்டுங்கள். சேலைக் கரை அழுத்தமாக இருப்பது அதனால்தான்.

---

பழனிசாமி எழுதியது:

தம்பி, கரை அழுத்தமாக இருப்பது அங்கே இழை நெருக்கமாக இருப்பதால். இறுக்கிக் கட்டினால் முதல் ஒரு சாண் சரியாக இருப்பதுபோலத் தெரியும். உருளை ரெண்டு சுற்று அவிழ்ந்ததும் மறுபடி தொளதொளக்கும், ஏனென்றால் தளர்வு முடிச்சில் இல்லை, உருளையில் இருக்கிறது.

சுமதி அம்மா, பின்னால் சுற்றும்போது என்ன தாள் வைத்தீர்கள்?

---

சுமதி எழுதியது:

பழைய செய்தித்தாள்தான். இடப்பக்கம் நன்றாக நீண்டிருந்தது, வலப்பக்கம் பாவுக்குச் சரியாக இருந்தது.

---

பழனிசாமி எழுதியது:

அதேதான். சுற்று ஏற ஏற வலது ஓரத்து நாலைந்து இழைகள் தாளின் விளிம்பிலிருந்து சரிந்து, அடியில் இருக்கும் சுற்றின்மேல் உட்கார்ந்துவிட்டன. உருளையின் சுற்றளவு அவற்றுக்கு மட்டும் சிறியதாகிவிடுகிறது. பெரிய சுற்றில் ஏறிய நீளம் அந்தச் சிறிய சுற்றுக்கு அதிகம். மிச்ச நீளம் தொய்வாக முன்னால் நிற்கும். தாள் பாவைவிட இரண்டு பக்கமும் ஓர் அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும், செய்தித்தாளைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். இந்தச் சால்வையை இப்படியே முடிக்க வேண்டுமானால், தளர்ந்த இழைகளுக்கும் பின்கட்டைக்கும் நடுவில் ஒரு மெல்லிய குச்சியைச் சொருகி ஏற்றிக்கொள்ளலாம்.

---

நிலானி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. என் ஆட்களுக்கு வேறு மாதிரி. ஓரம் இரண்டும் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் போகப் போக உள்ளே வளையும். தொடக்கத்தில் 8 அங்குலம், நடுவில் ஆறரை.

---

பழனிசாமி எழுதியது:

அது ஊடையின் வேலை. ஊடை நூல் மேலும் கீழுமாக வளைந்து போவதால் அகலத்தைவிட அதற்குக் கூடுதல் நீளம் வேண்டும். நேராக இழுத்து அடித்தால் அந்த நீளத்தை ஓர இழைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். நாங்கள் பெரிய தறியில் இரு முனையிலும் முள் வைத்த குச்சியைத் துணியில் குத்தி அகலத்தை விரித்துப் பிடிப்போம். சால்வைக்கு அது தேவையில்லை. ஊடையை ஓரத்தில் லேசாகத் தொட்டு நிற்கும்படி வைத்து, வாய்க்குள் சரிவாகக் கிடத்தி, மறுமுனையைக் கொஞ்சம் மேலே விட்டு, அப்புறம் பலகையால் அடியுங்கள். ஓரத்தில் வளையம் வெளியே துருத்தினால் தொட்டது போதவில்லை. ஓர இழை உள்ளே சாய்ந்தால் இழுத்துவிட்டீர்கள்.

ஒரு சாணுக்கு ஒருமுறை அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். 8 அங்குலப் பாவுக்கு ஏழரை வந்தால் கவலை இல்லை. அதற்குக் கீழே போனால் ஓர இழைகள் பலகையில் சாய்வாக உரசித் தேயும், கடைசியில் அறும்.

முன்பக்கம் கட்டும்போது ஓர் அங்குலத்துக்கு ஒரு கொத்தாக 8 கொத்து. நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறிக் கட்டுங்கள். முதலில் அரை முடிச்சு மட்டும். எல்லாவற்றையும் உள்ளங்கையால் தட்டிப் பார்த்து, தொய்ந்ததை இழுத்துவிட்டு, பிறகு முடிச்சை முடியுங்கள்.

---

நிலானி எழுதியது:

இந்த 90 அங்குலத்தில் சால்வை எவ்வளவு நீளம் வரும் என்று எல்லோரும் கேட்பார்கள். முன்னும் பின்னும் தறியில் தங்குவது 20 அங்குலம் அளவில் போகிறது. மிச்சம் 70-இல் நெசவில் வளைந்து சுருங்குவதும், கழுவும்போது கம்பளி சுருங்குவதும் போக, 60-க்குக் கொஞ்சம் குறைவாக வரும் என்று எழுதுகிறேன். வீணாகும் முனைகளில் இருந்து குஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்.

சொற்களுக்கு வருகிறேன். 'பாவோட்டம்', 'சந்தில் இழுத்தல்', 'கண்ணில் கோத்தல்' மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். பலகைக்கு 'விழுதச்சு'.

---

இளங்கோ எழுதியது:

நூல் கணக்கில் ஐயா சொன்னதுதான் சரி. பெயரில் நான் இன்னும் 'கண்ணச்சு' பக்கம்தான். உங்கள் பெண்களில் எத்தனை பேர் விழுதைப் பார்த்திருப்பார்கள்? கண் எல்லோருக்கும் தெரியும்.

---

சுமதி எழுதியது:

என் தறிக்கு இரண்டு பலகை போட்டு நெருக்கமாக நெய்யலாம் என்கிறார்கள். அப்போது கண்ணும் சந்தும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வரும். அதற்கு 'இரட்டை விழுதச்சு' என்பீர்களா, 'இரட்டைக் கண்ணச்சு' என்பீர்களா?

---

பழனிசாமி எழுதியது:

அதைப் பேத்தியிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். நான் ஒற்றைப் பலகையில் மட்டும்தான் நெய்தேன். கொக்கிக்கும் ஒரு பெயர் வைத்துவிடுங்கள், வீட்டில் அதை ஆளுக்கொரு பெயரில் தேடிக்கொண்டிருக்கிறோம்.