உப்பில்லாத பார்லித் தண்ணீர்

கும்பகோணம் வாசகி:
பதினான்கு மாத மகனுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியதும், சிறுபிள்ளைக்கு உப்பு வேண்டாம் என்று எண்ணி, உப்பே சேர்க்காத பார்லித் தண்ணீரை மட்டும் இரண்டு நாட்கள் கொடுத்து வந்தேன். அவன் மறுக்காமல் குடித்ததால் உடலில் நீர் குறையாது என்று நம்பினேன். மூன்றாம் நாள் காலை மருத்துவமனையில் செவிலியர் அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு உடனே மறையாமல் அப்படியே நின்றது. சற்று நேரத்தில் வலிப்பு வந்தது. இரத்தத்தில் சோடியம் குறைந்துவிட்டது என்றார்கள். இப்போது நலமாக இருக்கிறான். அந்தத் தோல் மடிப்புதான் என் கண்ணை விட்டு அகலவில்லை.

மன்னார்குடிப் பாட்டி:
என் பிள்ளைகள் நால்வரும் பேதி வந்தபோதெல்லாம் வடிகஞ்சி குடித்தே தேறினார்கள். பார்லி நீர்க்கடுப்புக்கு உரியது. ஆகவே தவறு பார்லியில் இருக்கிறது, உப்பில் அன்று.

ஓய்வுபெற்ற செவிலியர்:
பாட்டி சொல்வதில் பாதி சரி. அவர் கஞ்சியில் கல்லுப்புப் போட்டிருப்பார், அதைச் சொல்ல மறந்திருப்பார். பேதியில் நீரோடு உப்பும் வெளியேறுகிறது. கஞ்சியின் மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக மாறி, உப்பையும் அதனோடு நீரையும் உள்ளே சேர்க்கிறது. உப்பில்லாத நீரையே தொடர்ந்து கொடுத்தால், இரத்தத்தில் எஞ்சியிருக்கும் உப்பும் நீர்த்துப்போகும். இது பார்லிக்கும் பொருந்தும், அரிசிக்கும் பொருந்தும்.

நான் சொல்லித்தரும் முறை இது: 50 கிராம் அரிசி மாவைச் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான நீரில் ஊற்றி, ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிட்டு, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு சேர்க்க வேண்டும். டம்ளரைச் சாய்த்தால் நீர்போல ஓட வேண்டும்; கூழாக இறுகினால் பிள்ளை போதிய அளவு குடிக்காது. சில மணி நேரத்தில் புளித்துவிடும் என்பதால் மீதியைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லி வரை கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பின் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இருந்தால் அதுவே முதலில். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் கஞ்சியே வேண்டாம். தாய்ப்பாலைத் தொடர்ந்துகொண்டே உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சேலம் வாசகர்:
என் தந்தைக்குக் கால் வீக்கத்திற்காகப் பார்லி கொடுக்கிறோம். அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. அதிலும் உப்புப் போட வேண்டுமா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
ஐயா, இங்கே பேசுவது பேதியைப் பற்றி. அவருக்குப் பேதி இல்லாதபோது உப்புச் சேர்க்காதீர்கள். பேதி வந்தால் எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும்.

கும்பகோணம் வாசகி:
ஒன்றை எழுத விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் இரவு எட்டு மணி நேரம் அவன் சிறுநீரே கழிக்கவில்லை. அழுதபோது கண்ணீரும் வரவில்லை. பேதி குறைந்திருந்ததால், தேறிவிட்டான், அயர்ந்து தூங்குகிறான் என்று நினைத்து விடியும்வரை காத்திருந்தேன்.