கிளிப்பச்சைப் பட்டு, கறுத்த கூந்தல், ப்ளூ மேட்: உங்க ஷாட்டில் என்ன நடந்தது?

தறிநிழல்

பரதநாட்டிய ஷாட். கிளிப்பச்சைப் பட்டு, அகலமான ஜரிகை, பின்னலில் மல்லிகைச் சரம். பின்னால் வரப்போவது அந்தி நேரத்துக் கோயில் பிராகாரம். புடவை பச்சை என்பதால் கிரீன் மேட் என்ற பேச்சே எழவில்லை, ப்ளூ துணி கட்டியாயிற்று. 1080, 8 பிட், 4:2:0. விளக்குகள் 3200K ஹாலஜன்.

உடம்பு முழுக்கக் கத்தியால் வெட்டினாற்போல் வந்தது. 112ஆவது ஃப்ரேமில்தான் சிக்கல். தலையை வெடுக்கென்று இடப்பக்கம் திருப்புகிறார், காதோரச் சுருள்முடி நான்கைந்து இழை காற்றில் எழும்புகிறது. அந்த இழைகள் இழைகளாக இல்லை, படிக்கட்டு படிக்கட்டாக உடைந்து கிடக்கின்றன. இடைவெளியில் நீலப் புள்ளிகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் துள்ளுகின்றன. இன்னொன்று, தங்க ஜரிகை ஈயம் பூசினாற்போல் மங்கிவிட்டது. டீஸ்பில் போட்டும் நிறம் திரும்பவில்லை.

முடிக்கு ப்ளூ ஒத்துவராதா? இதே சேர்க்கையில் எடுத்தவர்கள் என்ன கண்டீர்கள் என்று சொல்லுங்கள்.

ராத்திரிக்காட்சி

நம்ம ஊர்க் கறுப்பு முடிக்கு எப்பவும் ப்ளூதான், இதுல ரெண்டு பேச்சே வேணாம். மழை ராத்திரி, தெருவிளக்கு, நனைஞ்ச சுருட்டை முடி. ஒரே ஆளை ரெண்டு மேட்லயும் வச்சு எடுத்த ஷாட் அது. கிரீன்ல முடியோட மினுமினுப்புல பாசி படிஞ்ச மாதிரி ஒரு பச்சை. எடுக்க எடுக்க முடி சாம்பலாச்சு. ப்ளூல எடுத்ததுல மிச்சம் ஒட்டின நீலம் நிலா வெளிச்சம் மாதிரி உக்காந்துடுச்சு, அதைத் தொடவே தேவைப்படலை.

பிலிம் காலத்துல ப்ளூதானே வழக்கம்? நீங்க கீலைட்ல Screen Gain-ஐ 130 வரைக்கும் ஏத்துங்க, துள்ளுற புள்ளியெல்லாம் போயிடும்.

அரைப்புள்ளி

ராத்திரிக்காட்சி சொன்ன முதல் பாதி சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தின் வெளிச்சத்தில் பச்சைக்கு 0.7152 பங்கு, நீலத்துக்கு 0.0722 பங்கு. முடி ஓரத்தில் ஒரே அளவு ஸ்பில் மிஞ்சினாலும், நீலம் பச்சையைவிடப் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் கூட்டும். கறுப்பு முடியும் இருட்டுப் பின்னணியும் சேரும் இடத்தில் ப்ளூ கண்ணுக்குத் தெரியாமல் நழுவிப்போவது அதனால்தான்.

"எப்பவும்" என்பது மட்டும் தப்பு. Screen Gain-ஐ 130க்கு ஏற்றினால் புள்ளியோடு சேர்ந்து முடியும் போய்விடும். ஒரு பிக்சல் அகல முடியிழை என்பது பாதி முடி, பாதி துணி. அந்தப் பாதியைத் துணி என்று தீர்ப்பு எழுதுகிற திருகு அது. தறிநிழல் அதைத் தொடவே வேண்டாம்.

112ஆவது ஃப்ரேம் உடைந்தது துணியின் நிறத்தால் மட்டுமல்ல, பதிவு செய்த விதத்தாலும்தான். கேமரா சென்சாரில் ஒவ்வொரு நான்கு புள்ளியிலும் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஆக நீலத்துக்குப் பாதி விவரம்தான் கிடைக்கிறது. அடுத்து ஹாலஜன். அந்த வெளிச்சத்தில் நீலமே கொஞ்சம்தான் இருக்கும், 3200K வெள்ளைச் சமன் போட்டதும் கேமரா நீலச் சேனலை இழுத்துத் தூக்குகிறது, இரைச்சலும் கூடவே ஏறுகிறது. உங்கள் துள்ளும் புள்ளி அதுதான். கடைசியில் 4:2:0. 1080 படத்தில் நிறம் 960க்கு 540தான் பதிவாகிறது. பச்சைத் துணியானால் அதன் விளிம்பு வெளிச்சச் சேனலிலும் முழு அளவில் பதிந்திருக்கும். நீலத்தின் விளிம்போ கிட்டத்தட்ட முழுக்க நிறச் சேனலை நம்பியே நிற்கிறது. இரண்டு பிக்சல் அகலப் படிக்கட்டு வந்தது அதனால்.

மறுபடி எடுக்க முடிந்தால் விளக்கை 5600K எல்.இ.டி.க்கு மாற்றுங்கள், கேமராவையும் 5600Kக்கு வையுங்கள். 10 பிட் 4:2:2 இல்லையென்றால் 4Kயில் எடுத்து 1080க்குச் சுருக்குங்கள். 4K 4:2:0வில் நிறம் 1920க்கு 1080 பதிவாகிறது, சுருக்கியதும் ஒவ்வொரு பிக்சலுக்கும் அதற்கான நிறம் கிடைத்துவிடும்.

இருக்கிற ஃபுட்டேஜையே காப்பாற்ற வேண்டுமென்றால் இரைச்சல் நீக்கிய நகல் ஒன்று எடுத்து, அதிலிருந்து ஆல்ஃபாவை மட்டும் உருவாக்குங்கள். நிறம் மூலத்திலிருந்தே வரட்டும். கீலைட்டில் Screen Balance ப்ளூவுக்கு 95 பக்கம் இருக்க வேண்டும், கிரீனுக்குப் போட்ட 50 அப்படியே கிடந்தால் மாற்றுங்கள். View-ஐ Intermediate Result-இல் வைத்தால் அது தானாகச் செய்யும் டீஸ்பில் நின்றுவிடும், அதைத் தனியே செய்துகொள்ளலாம். முடிக்கு மென்மையான ஆல்ஃபா ஒன்று, உடம்பின் உட்பகுதிக்குக் கெட்டியான ஆல்ஃபா ஒன்று, இரண்டையும் சேருங்கள். ஒரே கீயில் இரண்டையும் பிடிக்கப் போனால் இரண்டும் கெடும்.

வகுப்பறை45

நீல மேட் பற்றிய பேச்சு என்பதால் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். ஓ.பி.எஸ்.ஸில் நேரலை வகுப்பு, பின்னால் நீலத் துணி. ஆசிரியர் கருநீலச் சட்டையில் வந்து உட்கார்ந்தார், சட்டையில் கரும்பலகை தெரிந்தது. கழுத்தும் இரண்டு கையும் மட்டும் மிதந்தன.

Chroma Key வடிகட்டியில் Key Color Type-ஐ Blue என்று விட்டால் பொதுவான நீலம்தான் எடுத்துக்கொள்ளும். Custom வைத்து உங்கள் துணியின் நிறத்தையே எடுங்கள். Similarity முதலில் 400இல் இருக்கும், 1இலிருந்து தொடங்கி மெல்ல ஏற்றுங்கள், துணி மறைந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பிறகுதான் Smoothness. வெப்கேமின் தானியங்கி வெள்ளைச் சமனைக் கட்டாயம் அணையுங்கள், இல்லாவிட்டால் ஆள் அசையும்போதெல்லாம் துணியின் நிறமும் நகரும். ஜீன்ஸ் போட்டவர் எழுந்து நிற்கக் கூடாது. நாட்டிய ஷாட்டுக்கும் இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

அரைப்புள்ளி

வகுப்பறை45, நேரலைக்கு நீங்கள் சொன்னது சரி, வெள்ளைச் சமனை அணைக்கச் சொன்னது எல்லாருக்கும் பொருந்தும். பறக்கும் முடிக்கு Similarity போதாது. அது துணி நிறத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்கிறது. முடிக்கு வேண்டியது நீலம் மற்ற இரண்டையும் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கணக்கு. நியூக்கின் Expression நோடில் இப்படி:

```
clamp(1-(b-max(r,g))/0.44, 0, 1)
```

துணி 0.05, 0.14, 0.58 என்று வைத்துக்கொண்டால் 0.58இல் 0.14 போக 0.44. கிளிப்பச்சைப் பட்டு ஏறக்குறைய 0.25, 0.55, 0.12. அதில் நீலம்தான் எல்லாவற்றிலும் குறைவு, ஆகவே ஆல்ஃபா முழுசாக 1. இதே புடவையை அதே பலமுள்ள கிரீன் மேட்டில் நிறுத்தியிருந்தால் பச்சை 0.30 மிஞ்சும், ஆல்ஃபா 0.32தான். புடவைக்குள் பிராகாரம் தெரியும். எனவே ப்ளூ துணி கட்டியது சரியான முடிவு.

செம்பட்டை முடிக்கும் ப்ளூவே நல்லது. 0.80, 0.65, 0.35 என்ற பொன்னிற முடியைக் கிரீனில் எடுத்து, சிவப்பு நீலத்தின் சராசரிக்குப் பச்சையை மட்டுப்படுத்தினால் 0.65 என்பது 0.575 ஆகும், முடி ரோஸ் அடிக்கும். ப்ளூவில் `min(b,g)` போட்டால் 0.35 அசையாது.

மயில்கழுத்து

எல்லாரும் பச்சைப் புடவையோடு நின்றுவிட்டீர்கள். மயில்கழுத்துப் பட்டை யாராவது கீ செய்து பார்த்திருக்கிறீர்களா? பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். நேராக நின்றால் நீலம், ஒரு சுற்றுச் சுற்றினால் பச்சை. கிரீனில் பாதி நடனம் ஓட்டை, ப்ளூவில் மீதிப் பாதி ஓட்டை. ஒரே ஃப்ரேமில் மடிப்பின் மேல்பக்கம் இருக்கிறது, உள்பக்கம் காணாமல் போகிறது. கடைசியில் உடம்பு முழுவதையும் கையால் ரோட்டோ போட்டு, கீயை முடிக்கு மட்டும் வைத்துக்கொண்டதுதான் முடிந்த வழி.

கத்திரிப்பூ நிறமும் ப்ளூவுக்கு ஆகாது. ஓட்டை விழாவிட்டாலும் டீஸ்பில் அதைக் கெடுக்கும், நீலத்தைப் பச்சை அளவுக்கு இறக்கியதும் கத்திரிப்பூ அரக்காகிவிடும். ஒப்பனை அறைக்குப் போய் ரவிக்கை, குஞ்சலம், நெற்றிச்சுட்டிக் கல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மேட் நிறத்தை முடிவு செய்யுங்கள். புடவையை மட்டும் பார்த்தால் போதாது.

விளக்குமரம்

ஜரிகையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. தறிநிழலின் ஷாட்டில் எனக்கு உறுத்துவது அதுதான். தங்கம் என்பது 0.80, 0.60, 0.20. துணியின் நீலம் அதில் பட்டுத் திரும்பி 0.20 என்பது 0.50 ஆகிவிட்டது என்று வையுங்கள். நிறம் செத்து ஈயமாகிறது. டீஸ்பில்லோ நீலம் பச்சையைத் தாண்டினால்தான் விழிக்கும். 0.50 இன்னும் 0.60க்குக் கீழேதான் இருக்கிறது, அதன் கணக்கில் ஸ்பில்லே இல்லை. எத்தனை முறை போட்டாலும் திரும்பாது. பச்சை ஸ்பில்லாவது கண்ணில் பட்டு எச்சரிக்கும். நீலம் தங்கத்தைச் சத்தமில்லாமல் தின்னும்.

எடுக்கும்போதே தடுக்க வேண்டியது. ஆளுக்கும் துணிக்கும் இடையில் 3 மீட்டராவது விடுங்கள். ஃப்ரேமுக்கு வெளியே தெரிகிற நீலத்தையெல்லாம் கறுப்புத் துணியால் மூடுங்கள். பாதம் ஃப்ரேமில் இல்லையென்றால் தரையில் விரித்த நீலத்தைச் சுருட்டிவிடுங்கள், விசிறி மடிப்பின் ஜரிகையைக் கெடுப்பது பெரும்பாலும் தரைதான்.

எடுத்த ஷாட்டுக்கு ஜரிகையை மட்டும் தனியாக மாஸ்க் செய்து `min(b, g*0.4)` போடுங்கள். 0.50 என்பது 0.24க்கு இறங்கும், தங்கம் திரும்பும். மாஸ்க் தோலில் படக் கூடாது, கை மஞ்சள் காமாலை பிடித்ததுபோல் ஆகிவிடும்.

இன்னொன்று. ப்ளூ துணி வேவ்ஃபார்மில் தாழ்வாகத்தான் தெரியும், வெளிச்சத்தில் அதன் பங்கு அவ்வளவுதான். இருட்டாக இருக்கிறதே என்று விளக்கைக் கூட்டினால் துணி வெளுக்கும், ஸ்பில் ஏறும். ஆர்.ஜி.பி. பரேடில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். விளக்கைக் கூட்டியும் அந்த இடைவெளி கூடவில்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

ராத்திரிக்காட்சி

அரைப்புள்ளி அண்ணே, Gain விஷயம் ஒத்துக்கறேன், 100லயே விடலாம். சென்சார் கணக்கைத்தான் முழுசா ஏத்துக்க முடியலை. அந்த மழை ராத்திரி ஷாட்டும் 4:2:0தான், முடி உடையலை.

அரைப்புள்ளி

உடைந்திருக்கும் தம்பி. பின்னணி இருட்டு, முடியும் கறுப்பு. படிக்கட்டு இருந்தாலும் கறுப்பு மேல் கறுப்பாக மறைந்திருக்கும். அதே ஆல்ஃபாவை வெள்ளைச் சுவர் மேல் வைத்துப் பாருங்கள். உச்சிவெயில் தோட்டம் பின்னணி என்றால், சாதாரண கேமராவில் கறுப்பு முடிக்கு நான் கிரீனைத்தான் எடுப்பேன்.

ராத்திரிக்காட்சி

வெள்ளைச் சுவர் மேல வச்சுப் பார்த்தேன். ஓரம் கொஞ்சம் ரம்பமாத்தான் இருக்கு. ஆனா உச்சிவெயில்னாலும் கிரீன்ல முடி பச்சையடிக்கிறதைவிட இது தேவலைங்கறது என் கட்சி.

தறிநிழல்

இரைச்சல் நீக்கிய நகலிலிருந்து ஆல்ஃபா எடுத்தேன், Screen Balance 50இல்தான் கிடந்தது, 95 ஆக்கினேன். புள்ளிகள் நின்றுவிட்டன. 112இல் மூன்று இழை திரும்பிவிட்டது, நான்காவது இன்னும் படிக்கட்டுதான். பிராகாரத் தூணின் நிழலை அந்தக் காதுக்குப் பின்னால் நகர்த்தியதும் அது தெரியவில்லை. மல்லிகைச் சரத்தில் லேசாக நீலம் மிச்சம் இருக்கிறது, அந்தி வெளிச்சம் என்பதால் அப்படியே விட்டேன்.

ஜரிகை மாஸ்க் பாதி ஃப்ரேம்தான் முடிந்திருக்கிறது. ஒட்டியாணம் இடுப்புத் தோலை உரசுகிற இடத்தில் மாஸ்க் நிற்கவே மாட்டேன் என்கிறது. விளக்குமரம், அந்த ஓரத்தில் 0.4ஐ 0.6 ஆக்கினால் தோல் தப்புமா?

விளக்குமரம்

தப்பாது. தோலில் நீலம் பச்சையின் 0.8 பக்கம் இருக்கும், 0.6க்கும் மஞ்சளாகும். மாஸ்க் ஓரத்தை உள்பக்கம் 2 பிக்சல் இழுத்து மங்கலாக்குங்கள். ஒட்டியாணத்தின் விளிம்பு கொஞ்சம் ஈயமாகவே இருக்கட்டும், அசைவில் தெரியாது.