தொட்டிக்குள் குதித்த கும்பிடுபூச்சி: வேறு யாரும் இதைக் கண்டீர்களா?

கொக்கட்டிச்சோலையிலிருந்து

எங்கள் கிணற்றடியில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டக் கட்டிய சீமெந்துத் தொட்டி ஒன்று இருக்கிறது. போன கிழமை நல்ல உச்சி வெயிலில் ஒரு பெரிய கும்பிடுபூச்சி பக்கத்துக் கொய்யாவிலிருந்து இறங்கி வந்தது. வெறுந்தரையில் நடந்து தொட்டிக் கட்டில் ஏறியது. விளிம்பில் நின்று தலையை இங்கும் அங்கும் திருப்பியது. பிறகு தண்ணீருக்குள் இறங்கியது. கால் வழுக்கி விழவில்லை, தானாகவே இறங்கியது. நான் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

எடுத்து விடுவோம் என்று குச்சியை நீட்டும்போது அதன் வயிற்று நுனியிலிருந்து கறுப்பாக ஒன்று வெளியே வந்தது. குடல்தான் சரிந்துவிட்டதோ என்று நினைத்தால், அது தானே வளைந்து நெளிந்து வந்துகொண்டிருக்கிறது. வந்து முடிந்தபோது பூச்சியின் நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தது. பொருமியிருந்த வயிறு ஒட்டிப்போய்விட்டது. புழு தொட்டியின் அடியில் மெதுவாகச் சுருண்டு சுருண்டு நீந்தியது. பூச்சிக்கு உயிர் இருந்தது. தூக்கிக் கொய்யாவில் விட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. அந்தப் பூச்சியைத் தண்ணீருக்குக் கொண்டுபோனது எது? அந்தத் தொட்டித் தண்ணீரை மாடு குடிக்கலாமா? உங்களில் யாராவது கண்டிருந்தால் கண்டபடி எழுதுங்கள்.

கல்லாற்றிலிருந்து

கண்டிருக்கிறேன் அண்ணே, ஆனால் கும்பிடுபூச்சியில் இல்லை, சுவர்க்கோழியில். இரவில் வெளிலைற் போட்டிருந்த நேரம் வாளித் தண்ணீருக்குள் விழுந்தது. விடியப் பார்த்தால் வாளியில் மயிர் மாதிரி ஒரு புழு. எங்கள் அம்மம்மா, தலைமயிர் தண்ணீரில் ஊறினால் புழுவாகும் என்பார். அது சரியில்லை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். நான் விளங்கிக்கொண்டது இதுதான்: புழு பூச்சியின் உடம்பிலுள்ள நீரை எல்லாம் குடித்துவிடுகிறது, பூச்சிக்குத் தாகம் தாங்காது, தண்ணீர் மணத்தைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்தே ஓடி வருகிறது. புழு மூளைக்குள் போய்த்தான் இதைச் செய்கிறது.

வந்தாறுமூலையிலிருந்து

நீர்ப்பூச்சிகளைப் பற்றிக் கொஞ்சக் காலம் வேலை செய்தவன் என்பதால் இதில் எனக்கு ஆசை அதிகம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொக்கட்டிச்சோலை அண்ணர் கண்டது குதிரைமயிர்ப் புழு. கல்லாறுத் தம்பி சொன்னதில் ஒரு பாதி சரி: பூச்சியின் நடத்தையை மாற்றுவது புழுதான். ஆனால் புழு மூளைக்குள் போவதில்லை. வயிற்றுக் குழிக்குள் மடிந்து மடிந்து கிடக்கிறது. அங்கிருந்தபடியே மூளையின் வேலையை மாற்றுகிறது. பிரான்சில் புழு உள்ள வெட்டுக்கிளிகளின் மூளையைச் சோதித்தவர்கள் அங்கே சில புரதங்கள் கூடிக் குறைந்திருப்பதை 2005இல் எழுதினார்கள். எந்தப் பொருள் எந்த நரம்பைத் தொட்டு இதைச் செய்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை.

தாகம் என்ற விளக்கமும் நிற்காது. பிரான்சின் தெற்கே, காட்டோரத்து நீச்சல் குளம் ஒன்றில் இரவு இரவாகச் சுவர்க்கோழிகள் வந்து குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துச் சோதித்தார்கள். இரண்டாகப் பிரியும் ஒரு குழாயில் விட்டு, ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் வைத்தார்கள். புழு உள்ளதும் இல்லாததும் ஒரே மாதிரித்தான் வழி தேர்ந்தன. அதாவது, தூரத்திலிருந்து தண்ணீரை மோப்பம் பிடிக்கும் திறமை எதையும் புழு கொடுக்கவில்லை. வித்தியாசம் தண்ணீர் கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. புழு உள்ளது உள்ளே இறங்கியது, மற்றது நின்றுவிட்டது. 2002இல் வந்த ஆய்வு அது.

அப்படியென்றால் கரை வரை எப்படி வருகிறது? முதலில் பூச்சி சும்மா இருக்காமல் அலையத் தொடங்குகிறது. கும்பிடுபூச்சி ஒரே கொப்பில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிற பிராணி. அது வெறுந்தரையில் நடப்பதே முதல் அடையாளம். அப்புறம் ஒளி. தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் பெரும்பாலும் கிடையாக அதிர்கிறது. மீன்பிடிக்கப் போகிறவர்கள் போடும் சிலவகைக் கறுப்புக் கண்ணாடி வெட்டிவிடுவது இந்தக் கிடை வெளிச்சத்தைத்தான். பூச்சிகளின் கண்ணுக்கு அது தனியாகத் தெரியும். ஜப்பானில் புழு உள்ள கும்பிடுபூச்சிகளை வெளியில் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே விட்டுப் பார்த்தார்கள். ஒன்றின் தண்ணீர் பிரகாசமாகத் தெறித்தாலும் கிடை வெளிச்சம் குறைவு. மற்றது மங்கல், ஆனால் கிடை வெளிச்சம் அதிகம். குதித்தவற்றில் பெரும்பாலானவை மங்கல் தொட்டியையே எடுத்தன. 2021இல் இதை வெளியிட்டார்கள். அவற்றின் நடமாட்டம் மதியத்தை ஒட்டித்தான் கூடுதலாக இருந்தது. அண்ணர் சொன்ன உச்சி வெயிலோடு இது பொருந்துகிறது.

மாட்டுக்குப் பயமில்லை. புழு மனிதரிலோ மாட்டிலோ வாழாது. தண்ணீருக்கு வந்த பிறகு அது எதையும் தின்பதும் இல்லை. துணை தேடிப் பின்னிக்கொள்ளும், நூல் நூலாக முட்டை இடும், செத்துப்போகும். முட்டையிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு, தண்ணீரில் இருக்கும் நுளம்புக் குடம்பி போன்றவற்றுக்குள் புகுந்து கூடு கட்டிக் காத்திருக்கும். அந்த நுளம்பு இறகு முளைத்துப் பறக்கும்போது இதுவும் சேர்ந்து கரையேறும். கும்பிடுபூச்சி அதைப் பிடித்துத் தின்றால், குடலைத் துளைத்து வயிற்றுக் குழிக்குப் போய், வாயால் அல்லாமல் தோலால் சத்தை உறிஞ்சி வளரும். ஆகவே உங்கள் தொட்டிக்கு வந்த புழு, வேறொரு தண்ணீரில் பிறந்ததாக இருக்கலாம்.

அக்கரைப்பற்றிலிருந்து

என்ட மகனுக்கும் வயிற்றில் புழு இருக்குது, ராவைக்குப் பல்லைக் கடிக்கிறான். பூச்சி மருந்து கொடுத்தும் திரும்ப வருது. இந்தப் புழுவும் பிள்ளைகளின் நடத்தையை மாற்றுமா? போன மாதம் கக்கூசுக் கோப்பைக்குள் நீங்கள் சொல்ற மாதிரியே ஒரு நீளக் கறுப்புப் புழுவைக் கண்டேன். அன்றிலிருந்து மனதில் நிம்மதியே இல்லை.

வந்தாறுமூலையிலிருந்து

அது பிள்ளையிடமிருந்து வந்ததல்ல, ராத்தா. கோப்பைத் தண்ணீருக்குள் விழுந்த சுவர்க்கோழியோ கரப்பானோ விட்டுப்போனதாக இருக்க வேண்டும். பூச்சி வெளியேறியிருக்கும், புழு மட்டும் மிஞ்சும். பிள்ளையின் புழு வேறு இனம், பெரும்பாலும் வெள்ளையாக, மிகச் சிறியதாக இருக்கும். திரும்பத் திரும்ப வந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து கொடுக்க வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து

பூச்சியை விடுங்கள், எலியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் களஞ்சியத்தில் ஒரு எலி பட்டப்பகலில் பூனைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. ஓடவே இல்லை. பூனையிலிருந்து வரும் கிருமி எலியின் பயத்தை எடுத்துவிடும் என்று வாசித்தேன். மகள் பிள்ளைத்தாச்சி, பூனையைத் துரத்தவா?

வந்தாறுமூலையிலிருந்து

டொக்சோபிளாஸ்மா பற்றிக் கேட்கிறீர்கள். 2000இல் ஒக்ஸ்போர்டில் செய்த பரிசோதனையில், கிருமி உள்ள எலிகள் பூனை மூத்திரம் இருந்த மூலையைத் தவிர்க்கவில்லை, சிலது அங்கேயே அதிகம் போய் வந்தன. ஆனால் அந்த எலிகள் பார்வைக்கு நல்ல சுகமான எலிகள், ஓடியாடித் திரிந்தவை. உங்கள் எலி அசையாமல் உட்கார்ந்திருந்தது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது எலி மருந்தை. மருந்து தின்ற எலிதான் சோர்ந்து பகலில் வெளியே வரும். பக்கத்து வயலில் யாரும் வைத்தார்களா என்று விசாரியுங்கள். அதை வெறுங்கையால் தொடாதீர்கள், நம் பக்கம் எலிக்காய்ச்சல் உள்ள இடம். பூனைக்கும் தின்னக் கொடுக்காதீர்கள்.

பூனையைத் துரத்த வேண்டியதில்லை. அதன் மலத்தை மகள் அள்ளாமல் வேறு யாராவது தினமும் அள்ளட்டும். வெளியே வந்த கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை எடுக்கும், ஆகவே அன்றன்றே அள்ளினால் ஆபத்து மிகக் குறைவு. இறைச்சியை நன்றாக வேகவைக்க வேண்டும். தோட்ட மண்ணைக் கிளறிய பிறகு கை கழுவ வேண்டும். கிளினிக்கில் பூனை இருப்பதைச் சொல்லி வையுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து

பக்கத்துக் காணிக்காரர் மருந்து வைத்ததாகத்தான் சொல்கிறார். ஆனால் பயம் போன எலி என்பது பூனை மணத்துக்கு மட்டும்தானா, எல்லாத்துக்குமா?

வந்தாறுமூலையிலிருந்து

அதில்தான் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. பூனை மணத்துக்கு மட்டும் என்று ஒரு பக்கம். பயம் என்ற குணமே பொதுவாகக் குறைகிறது, பூனை அதில் ஒன்று என்று இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவது பக்கம் பலமாகத் தெரிகிறது.

அம்பாறை றோட்டால் தினமும் வேலைக்குப் போகிறவர்

நான் கவனித்த ஒன்று. மதியம் வரும்போது கும்பிடுபூச்சி தார் றோட்டில் நடந்துகொண்டிருக்கும். வாகனத்தில் நசிந்து கிடப்பவற்றையும் காண்கிறேன். இது தண்ணீர் இல்லையே?

வந்தாறுமூலையிலிருந்து

நல்ல கண். தாரும் வெயிலில் கிடை வெளிச்சத்தைத் தெறிக்கும். புழு உள்ள கும்பிடுபூச்சிகள் இப்படித் தார் றோட்டுக்கு இழுபடுகின்றன என்று ஜப்பானிலேயே கண்டிருக்கிறார்கள். ஆனால் றோட்டில் கண்ட எல்லாவற்றிலும் புழு இருக்கும் என்று சொல்ல மாட்டேன். உயிரோடு ஒன்று கிடைத்தால் வயிற்று நுனியை மட்டும் ஒரு கோப்பைத் தண்ணீரில் தொடப் பிடியுங்கள். முற்றிய புழு இருந்தால் சில நிமிடங்களில் வரத் தொடங்கும். வராவிட்டால், இல்லை என்றோ இன்னும் முற்றவில்லை என்றோதான் பொருள்.

வெல்லாவெளியிலிருந்து

வயல் வரம்பில் தத்துவெட்டியன் ஒன்றிலிருந்து புழு வந்ததைக் கண்டேன். தண்ணீர் பக்கத்தில் இல்லை, ஈர மண்ணில் வந்தது. வெள்ளை நிறம், மெத்தென்று இருந்தது. இதுவும் அதுதானே?

வந்தாறுமூலையிலிருந்து

அது வேறொரு கூட்டமாக இருக்கலாம். குதிரைமயிர்ப் புழு கபிலம் அல்லது கறுப்பு, தொட்டால் விறைப்பு, இரண்டு முனையும் மழுங்கலாக இருக்கும். வெள்ளையாக, மென்மையாக, முனை கூராக இருந்து மண்ணுக்குள் போனால் அது மெர்மிதிட் என்ற உருளைப்புழு. ஒரு சிக்கல்: குதிரைமயிர்ப் புழுவும் புதிதாக வரும்போது சிலவேளை வெளிறியிருக்கும். முனையைக் கிட்டப் படம் எடுத்திருந்தால் போடுங்கள்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. கொய்யாவில் விட்டது மூன்றாம் நாளும் அதே கொப்பில் நின்றது, ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பிடித்துத் தின்பதையும் பார்த்தேன். புழு போன பிறகு பூச்சி பழைய குணத்துக்குத் திரும்புமா?

வந்தாறுமூலையிலிருந்து

சுவர்க்கோழியில் திரும்புவதை 2011இல் காட்டியிருக்கிறார்கள்: புழு போன பிறகு வெளிச்சத்தின் பக்கம் போகும் பழக்கம் குறைந்தது. மூழ்காமல் தப்பியவை பல மாதம் வாழ்வதும் உண்டு. கும்பிடுபூச்சியில் நான் கண்டதில்லை. உங்களுடையது அந்தக் கொப்பிலேயே நின்றால், தரைக்கு இறங்குகிறதா, எந்த நேரத்தில் என்று குறித்து வையுங்கள்.